நகைப் பெட்டியைத் திறந்து கணக்குப் போடுங்கள்: குடும்பச் சேமிப்பில் தங்கம், நகையாக அல்லாமல்

ஈரோட்டில் இருக்கும் என் தங்கை மாதம் 5,000 ரூபாய் நகைச்சீட்டு கட்டிக்கொண்டிருந்தாள். "சேமிப்புல கொஞ்சம் தங்கமும் இருக்கணும்னு சொல்றாங்களே அண்ணா, அதான் சீட்டுப் போடுறேனே, போதாதா?" என்று கேட்டாள். பதில் சொல்ல அவள் வீட்டுக் கணக்கு முழுவதையும் எடுத்து உட்கார வேண்டியிருந்தது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அந்தக் கணக்கே நல்ல வழிகாட்டி. விலை தினமும் மாறுவதால், இங்கே 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு பவுன் 80,000. படிக்கும் நாளின் விலையை நீங்களே போட்டுக்கொள்ளலாம், செய்கூலி, வரிச் சதவீதங்கள் மாறாது.

முதலில், தங்கம் எதற்கு?

தங்கம் வட்டி தராது, வாடகை தராது. அதை வைத்திருக்க உருப்படியான காரணம், பங்குகள் சரியும்போது அது பெரும்பாலும் கூடவே சரிவதில்லை என்பதுதான். 2008-இல் சென்செக்ஸ் பாதிக்கு மேல் விழுந்தது. அதே ஆண்டு ரூபாயில் தங்கம் ஏறியது. நமக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. உலகச் சந்தையில் தங்கத்துக்கு விலை டாலரில். அதை ரூபாயாக மாற்றி, சுங்க வரியைச் சேர்த்தால் வருவதுதான் நம் ஊர் விலை. ரூபாய் பலவீனமானால், உலக விலை நகராவிட்டாலும் இங்கே ஏறும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2012-இல் 10 கிராம் 24 காரட் சராசரியாக 31,000 ரூபாயை ஒட்டி இருந்தது. 2015-இல் 26,000-ஐ ஒட்டி வந்துவிட்டது. மூன்று வருடம் காத்திருந்தவர் கையில் இருந்தது நஷ்டம். 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தபோது, உலகச் சந்தையில் பெரிதாக ஒன்றும் நடக்காமலே இங்கே விலை சட்டென்று இறங்கியது. "தங்கம் இறங்கவே இறங்காது" என்பவர்கள் இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

அதனால்தான் மொத்தச் சேமிப்பில் பத்து சதவீதம், மிஞ்சினால் பதினைந்து என்று ஒரு வரம்பு வைப்பது. பத்து என்பது வேதவாக்கு அல்ல. ஐந்துக்குக் கீழே போனால், தங்கம் எவ்வளவு ஏறினாலும் மொத்தத்தில் தெரியாது. இருபதைத் தாண்டினால், 2012 மாதிரி ஒரு காலம் வந்தால் வலிக்கும்.

பெட்டியில் இருப்பதை மூன்றாகப் பிரியுங்கள்

தங்கை வீட்டில் நகை மொத்தம் 22 பவுன். மச்சானின் பிஎஃப் 5.5 லட்சம், வைப்புநிதி 3 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 3.5 லட்சம், ஆக 12 லட்சம். 22 பவுனை 80,000-ஆல் பெருக்கினால் 17.6 லட்சம். அப்படியானால் அவர்கள் சொத்தில் தங்கம் மட்டும் கிட்டத்தட்ட 60 சதவீதம்! இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு "உனக்கு இனி ஒரு கிராம்கூட வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். ஆனால் அது அரைகுறைப் பதில். 22 பவுனும் ஒரே வேலையைச் செய்யவில்லை.

தாலிக்கொடியும் அன்றாடம் போடும் வளையலும் கம்மலும் சேர்ந்து 8 பவுன். என்ன கஷ்டம் வந்தாலும் அவள் இதை விற்கமாட்டாள். விற்காத பொருளைச் சேமிப்புக் கணக்கில் சேர்ப்பதில் அர்த்தமில்லை. இதை அடித்துவிட்டோம்.

ஆரமும் இரண்டு ஜோடி வளையலும் 6 பவுன். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிக்கட்டணத்துக்கு இவை கூட்டுறவு வங்கிக்குப் போய், போனஸ் வந்ததும் திரும்பும். இதன் வேலை அவசரக் கடன். இந்த இடத்தில் நகையை அடிக்க வேறெதுவும் இல்லை. ரிசர்வ் வங்கியின் இப்போதைய விதிப்படி 2.5 லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம்; 5 லட்சத்தைத் தாண்டினால் 75 சதவீதம்தான். மதிப்பு என்பது தங்கத்தின் எடைக்கு மட்டும். கல்லுக்கும் செய்கூலிக்கும் அதில் இடமில்லை. தங்கக் கட்டிக்குக் கடனே கிடையாது. பங்குச்சந்தையில் தங்கத்தை யூனிட்டாக வாங்கும் ஈடிஎஃப், தங்க ஃபண்ட் ஆகியவற்றின் யூனிட்டுகளை அடகு வைத்தும் கடன் வாங்க முடியாது. நாணயமென்றால் 50 கிராம் வரைதான். பல கிளைகளில் வங்கி விற்ற நாணயமா என்றும் கேட்பார்கள். ஆகவே "நகையெல்லாம் வேஸ்ட், வித்துட்டு ஈடிஎஃப் வாங்கு" என்று யாராவது சொன்னால், நகைக்கடன் உங்கள் வீட்டில் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மீதி 8 பவுன் மகளுக்கென்று லாக்கரில் இருப்பது. மகளுக்கு இப்போது ஒன்பது வயது. 15 பவுன் போட வேண்டும் என்பது தங்கையின் எண்ணம். போட வேண்டுமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அது அவர்கள் வீட்டு விஷயம். ஆனால் கணக்கில் இது தனி ரகம். வரப்போகும் செலவே தங்கத்தில்தான் என்றால், அதற்காகத் தங்கமாகச் சேர்ப்பது ஊகம் ஆகாது. விலை ஏறினால் செலவும் ஏறும், கையிருப்பும் ஏறும்; இறங்கினால் இரண்டும் இறங்கும். இதையும் பத்து சதவீதக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

இப்படிப் பிரித்தபின் பார்த்தால், பங்கு சரியும்போது தயக்கமில்லாமல் விற்கக்கூடிய தங்கம் அவர்களிடம் ஒரு கிராம்கூட இல்லை. அந்தப் பத்து சதவீதம் இனிமேல்தான் சேர வேண்டும். மகளுக்கும் இன்னும் 7 பவுன் பாக்கி. இந்த இரண்டுக்கும் நகைக்கடைக்குப் போக வேண்டியதில்லை.

நகையாக வாங்கினால் எவ்வளவு போகும்

ஒரு பவுன் சங்கிலி. தங்கம் 80,000. செய்கூலி, சேதாரம் இரண்டும் சேர்த்து 12 சதவீதம் என்று வைத்தால் 9,600. இரண்டையும் கூட்டி 3 சதவீத ஜிஎஸ்டி, 2,688. பில் 92,288. மறுநாளே விற்கப் போனால், பழைய நகைக்கு எடையில் 2 சதவீதம் கழிக்கும் கடையில் கைக்கு வருவது 78,400. போட்ட காசு திரும்ப வருவதற்கே தங்கம் 18 சதவீதம் அளவுக்கு ஏற வேண்டும். கல் வைத்த நகையென்றால் நிலைமை இன்னும் மோசம்.

மகளுக்காக இப்போதே நகையாக வாங்குவதில் இரட்டைச் செலவும் இருக்கிறது. இன்றைய டிசைனைப் பதினான்கு வருடம் கழித்து அவள் போடப்போவதில்லை. அழித்துச் செய்யும்போது செய்கூலி, சேதாரத்தை மறுபடி கொடுக்க வேண்டும்.

நகைச்சீட்டில் சேதாரத்தைத் தள்ளுபடி செய்கிறார்களே என்பது நியாயமான கேள்விதான். ஓர் ஆண்டுக்குள் எப்படியும் நகை வாங்கப் போகிறீர்கள் என்றால் சீட்டு லாபம். ஆனால் அந்தப் பணம் கடைக்காரரிடம் நீங்கள் கொடுத்து வைத்த முன்பணம். வங்கி வைப்புநிதிக்கு இருக்கும் காப்பீடு இதற்குக் கிடையாது. கடை மூடினால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பெரும்பாலான சீட்டுகள் 11 மாதத்தில் முடிவதற்கும் காரணம் உண்டு: நிறுவனம் வாங்கும் முன்பணம் 365 நாளுக்குள் பொருளாகக் கணக்குத் தீராவிட்டால், அது சட்டப்படி டெபாசிட் ஆகிவிடும், டெபாசிட் வாங்குவதற்குக் கட்டுப்பாடுகள் அதிகம். முடிவில் பெரும்பாலும் நகையாகத்தான் எடுக்க முடியும் என்பதால், சேமிப்புத் தங்கத்துக்குச் சீட்டு சரிவராது.

எந்த வடிவில் வாங்குவது

*நாணயம்.* 24 காரட், 999 தூய்மை. 3 சதவீத ஜிஎஸ்டியும் அச்சடிக்கும் கூலியும் சேரும். சின்ன நாணயத்தில் கூலியின் விகிதம் அதிகம். அதனால் ஒரு கிராம் எட்டு வாங்குவதைவிட எட்டு கிராம் ஒன்று வாங்குவது மேல். வங்கியில் வாங்கினால் பில்லும் சான்றும் சுத்தமாக இருக்கும். ஆனால் வங்கி திரும்ப வாங்காது; நகைக்கடையில்தான் விற்க வேண்டும். சில கடைகள் பணமாகத் தராமல் "நகை எடுத்துக்கோங்க" என்பார்கள். வாங்குவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

*தங்கப் பத்திரம்.* 2015-இல் வந்தது. ஆண்டுக்கு 2.5 சதவீத வட்டி, எட்டு வருடம் முடிந்தால் லாபத்துக்கு வரி இல்லை. இதைவிட நல்ல வடிவம் இருந்ததில்லை. ஆனால் 2024 பிப்ரவரிக்குப் பிறகு அரசு புதிதாக வெளியிடவில்லை. பழைய பத்திரங்களைப் பங்குச்சந்தையில் வாங்கலாம். ஆனால் 2026 பட்ஜெட்டில், வெளியீட்டின்போதே வாங்கி முதிர்வுவரை வைத்திருப்பவருக்குத்தான் வரிவிலக்கு என்று மாற்றிவிட்டார்கள். ஆகவே வரிவிலக்கை நம்பிச் சந்தையில் பழைய பத்திரத்தைக் கூடுதல் விலைக்கு வாங்காதீர்கள். ஏற்கெனவே நேரடியாக வாங்கி வைத்திருப்பவர்கள் அசையாமல் இருங்கள்.

*டிஜிட்டல் தங்கம்.* கைப்பேசிச் செயலியில் பத்து ரூபாய்க்குக்கூட வாங்கலாம் என்பது கவர்ச்சிதான். வாங்கும்போது 3 சதவீத ஜிஎஸ்டி போகும். அதே நிமிடத்தில் செயலி காட்டும் விற்பனை விலையைப் பாருங்கள், அது வாங்கும் விலையைவிடக் குறைவாக இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், இது தன் கண்காணிப்புக்குள் வராத பொருள் என்று பங்குச்சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2025 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. நான் இதைத் தொடுவதில்லை.

*ஈடிஎஃப்.* மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம் 99.5 சதவீதத் தூய்மையான தங்கக் கட்டிகளைப் பெட்டகத்தில் வைத்து, அதற்கு ஈடாக யூனிட் வெளியிடுகிறது. செபி கண்காணிப்பு உண்டு. இந்தியாவில் 2007-இலிருந்து இருக்கிறது. வாங்குபவரிடம் ஜிஎஸ்டி இல்லை, லாக்கர் வேண்டாம், யூனிட்டுகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு வேண்டும். ஆண்டுச் செலவு ஃபண்டைப் பொறுத்து மாறும், ஒரு சதவீதத்துக்குக் கீழேதான். சின்னதாகத் தெரியும், ஆனால் வருடா வருடம் போகும். 0.7 சதவீதம் என்றால் பதினைந்து வருடத்தில் உங்கள் யூனிட்டுக்குப் பின்னால் இருக்கும் தங்கத்தில் பத்தில் ஒரு பங்கு கரைந்திருக்கும். இருபது வருடம் தொடவே போவதில்லை, பத்திரமான லாக்கரும் இருக்கிறது என்பவருக்கு நாணயம் அப்படியொன்றும் மோசமில்லை என்று நான் நினைப்பது இதனால்தான். அவ்வப்போது வாங்கி விற்க வேண்டிய பத்து சதவீதத்துக்கு ஈடிஎஃப்தான்.

*தங்க ஃபண்ட்.* இந்த ஈடிஎஃப்பையே வாங்கி வைக்கும் மியூச்சுவல் ஃபண்ட். டீமேட் வேண்டாம், மாதாமாதம் எஸ்ஐபி போடலாம். ஈடிஎஃப் செலவுக்கு மேல் இதன் செலவும் கொஞ்சம் சேரும். இடைத்தரகர் இல்லாமல் நிறுவனத்திடமே வாங்கும் டைரக்ட் பிளான் எடுத்தால் அது குறையும்.

ஈடிஎஃப் வாங்கும் நாளன்று

புரோக்கர் செயலியில் தேடினால் GOLDBEES, HDFCGOLD, SETFGOLD என்று வரிசையாக வரும். எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே தங்கம். ஆகவே போன வருடம் எது அதிகம் தந்தது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. ஆண்டுச் செலவையும், தினமும் எவ்வளவு கைமாறுகிறது என்பதையும் பாருங்கள். கைமாறும் அளவு குறைவான ஈடிஎஃப்பில் வாங்குபவர் கேட்கும் விலைக்கும் விற்பவர் சொல்லும் விலைக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும். செலவில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

அடுத்து, ஃபண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் iNAV என்று ஒரு எண் ஓடும். அந்த நிமிடத்தில் யூனிட்டுக்குப் பின்னால் இருக்கும் தங்கத்தின் மதிப்பு அது. அது 90.00, சந்தையில் 90.20 என்றால் பரவாயில்லை. 92 என்றால் இரண்டு சதவீதம் அதிகம் கொடுக்கிறீர்கள். அன்றைக்கு விட்டுவிடுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பாயும் நாட்களில் இது நடக்கும். 2025 அக்டோபரில் வெள்ளி ஈடிஎஃப்கள் உண்மை மதிப்பைவிட வெகுவாக மேலே விற்றதால், சில நிறுவனங்கள் வெள்ளி ஃபண்டுகளில் ஒரே தவணையில் மொத்தமாகப் பணம் வாங்குவதையே நிறுத்தி வைத்தன.

ஆர்டர் போடும்போது 'மார்க்கெட்' என்பதை விட்டு 'லிமிட்' தேர்ந்தெடுத்து, iNAV-ஐ ஒட்டி விலை குறியுங்கள். சந்தை திறக்கும் 9.15-க்கே அவசரப்பட வேண்டாம். விலை ஒரு நிலைக்கு வரட்டும், பத்து மணிக்கு மேல் போடுங்கள். அடுத்த வேலை நாளில் யூனிட் டீமேட்டில் வந்துவிடும்.

அக்ஷய திருதியைக்கு ஈடிஎஃப் வாங்கலாமா என்று அம்மா கேட்டார். தாராளமாக வாங்கலாம், iNAV-ஐ மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

தங்கை வீட்டில் செய்தது

நடந்துகொண்டிருந்த சீட்டை முடித்து, அந்தத் தொகைக்கு மகளுக்குக் கல் இல்லாத ஒரு ஜோடி வளையல் எடுத்தாள். புதுச் சீட்டுப் போடவில்லை.

மகளுக்குப் பாக்கி 7 பவுன், 14 வருடம். ஆண்டுக்கு அரைப் பவுன், அதாவது 4 கிராம். இன்றைய கணக்கில் 40,000 ரூபாய். மாதம் 3,400 என்று தங்க ஃபண்டில் எஸ்ஐபி. விலை ஏறினால் இந்தத் தொகையையும் ஏற்ற வேண்டும்; இல்லாவிட்டால் கிராம் குறையும். அதனால் ஒவ்வொரு ஏப்ரலிலும் "இந்த வருடம் 4 கிராம் வந்ததா" என்று மட்டும் பார்ப்பதாக ஏற்பாடு. இதில் ரூபாய் லாபத்தைப் பார்த்துப் பயனில்லை. (வளையலின் எடையை 7 பவுனில் கழிக்கவில்லை. செய்கூலிக்கும் வரிக்கும் அது இருக்கட்டும் என்று விட்டோம்.)

சீட்டுத் தொகையில் மீதி 1,600. அது மச்சான் பெயரில் ஈடிஎஃப்புக்கு. 12 லட்சத்துக்குப் பக்கத்தில் தங்கம் பத்து சதவீதமாக இருக்க 1.33 லட்சம் வேண்டும். ஒரே நாளில் போட அவருக்கு மனமில்லை. "மெதுவாப் போகட்டும் மச்சான்" என்றார். சரிதான், ஏறிய விலையில் மொத்தமாக வாங்கிவிட்டு அது சறுக்கினால், பாதியில் வெறுத்து விற்பவர்கள்தான் அதிகம்.

இரண்டையும் வேறு வேறு கணக்கில் வைத்தது வேண்டுமென்றே. ஒரே இடத்தில் இருந்தால், பத்து சதவீதம் தாண்டியதென்று விற்கும்போது மகளின் கிராமும் சேர்ந்து போய்விடும்.

எப்போது விற்பது, வரி எவ்வளவு

பத்து சதவீதம் என்று வைத்தால், அது பதின்மூன்றைத் தாண்டும்போதோ ஏழுக்குக் கீழே போகும்போதோ மட்டும் கை வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

ஒரு உதாரணம். மொத்தம் 20 லட்சம், அதில் ஈடிஎஃப் 2 லட்சம். அடுத்த ஆண்டு தங்கம் 60 சதவீதம் ஏறி 3.2 லட்சம், மற்றவை 8 சதவீதம் ஏறி 19.44 லட்சம். இப்போது தங்கம் 14 சதவீதம். பத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 93,600 ரூபாய்க்கு விற்க வேண்டும். அதில் லாபப் பங்கு 35,100. ஈடிஎஃப்பை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் வரி 12.5 சதவீதம், கிட்டத்தட்ட 4,400, செஸ் தனி. 12 மாதத்துக்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் வரி விகிதத்தில் போகும். தங்க ஃபண்டுக்கும் நாணயத்துக்கும் நகைக்கும் இந்த எல்லை 24 மாதம்.

சம்பளம் வந்துகொண்டிருக்கும் குடும்பம் விற்காமலே சமாளிக்கலாம். தங்கத்துக்குப் போகும் மாதத் தொகையைச் சில மாதம் பங்கு ஃபண்டுக்கோ வைப்புநிதிக்கோ திருப்பிவிட்டால், வரியில்லாமலே விகிதம் மெல்ல இறங்கும். ஏறுகிற பொருளை நிறுத்தி இறங்கிக் கிடப்பதை வாங்குவது மனதுக்குப் பிடிக்காது; அதனால்தான் சதவீதத்தை முன்கூட்டியே எழுதி வைப்பது.

மகளின் கணக்கில் விற்பனை ஒரே ஒருமுறைதான். கல்யாணம் முடிவானதும் ஃபண்டை விற்று, பணம் வந்த கையோடு நகை எடுத்துவிட வேண்டும். இடையில் மாதக்கணக்கில் பணமாக வைத்திருந்தால், அதற்குள் விலை ஏறி, சேர்த்த கிராம் கைக்கு வராது. ஃபண்டில் பணம் வங்கிக்கு வர இரண்டு மூன்று வேலை நாள் ஆகும். நகைக்கடையில் முன்பதிவு செய்யும் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். எஸ்ஐபியில் கடைசி 24 மாதத்தில் போட்ட தவணைகளுக்கு மட்டும் வரி வேறு மாதிரி கணக்காகும். கையில் வேறு பணம் இருந்தால் அந்த யூனிட்டுகளைப் பின்னால் விற்கலாம்; பழைய யூனிட்தான் முதலில் விற்கப்படும் என்பதால், வேண்டிய அளவு மட்டும் விற்றாலே அது தானாக நடக்கும்.

கடைசியாக, இரண்டு கணக்கிலும் நாமினி போட்டீர்களா என்று பாருங்கள். லாக்கர் நகை வீட்டில் எல்லாருக்கும் தெரியும். டீமேட்டில் இருக்கும் தங்கத்தைப் பற்றி ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும். தங்கை வீட்டில் ஃபண்ட் ஃபோலியோ எண்ணையும் டீமேட் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, லாக்கரில் நகைப் பில்களோடு வைத்திருக்கிறார்கள்.